ஸ்க்ரம் மாஸ்டர் நேர்காணல்: நின்றுபோன ஸ்பிரிண்ட், குழுவுக்குள் சண்டை, உண்மையான முன்னேற்றம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஸ்பிரிண்ட் பாதி தாண்டிவிட்டது, ஒரு டிக்கெட்கூட முடியவில்லை, என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார்கள். பதிலை எங்கிருந்து ஆரம்பிப்பது?

போர்டில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்பதிலிருந்து. பெரும்பாலானவர்கள் "டீமோடு பேசுவேன், தடைகளை நீக்குவேன், ஸ்டேக்ஹோல்டர்களுக்குத் தெரிவிப்பேன்" என்று ஒப்பிக்கிறார்கள். எந்த ஸ்பிரிண்டுக்கும் பொருந்துகிற பதில் அது, அதனால் எதிரே இருப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. அவர் பார்க்க விரும்புவது, நிலவரத்தைப் படிக்கத் தெரிந்தவரா நீங்கள் என்பதைத்தான்.

கேட்க வேண்டியவை மூன்றே: ஸ்பிரிண்ட் கோல் என்ன? எந்தெந்த டிக்கெட் எந்தக் கட்டத்தில், எத்தனை நாளாக நிற்கிறது? கோலுக்கு நேரடியாகத் தேவைப்படுபவை எவை? அவர் விவரம் தரவில்லை என்றால் நீங்களே ஒரு நிலவரத்தை வைத்துக்கொண்டு பேசலாம். இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன், மற்றக் கேள்விகளுக்கும் அதுவே போதும்.

ஐந்து டெவலப்பர்கள், இரண்டு டெஸ்டர்கள். பத்து வேலைநாள் ஸ்பிரிண்ட். கோல்: ரத்து செய்த ஆர்டருக்கான பணத்தை வாடிக்கையாளர் தானே திரும்பக் கேட்க முடிய வேண்டும். மொத்தம் 9 டிக்கெட்கள், 34 பாயிண்ட். இப்போது ஆறாம் நாள் காலை. முடிந்தது பூஜ்யம். இரண்டு டிக்கெட்கள் டெவலப்மென்டில், மூன்று கோட் ரிவ்யூவுக்குக் காத்திருக்கின்றன, இரண்டு டெஸ்டிங்கில், இரண்டை இன்னும் யாரும் தொடவே இல்லை. அதாவது ஏழு வேலைகள் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கின்றன.

இதைக் கேட்டதும் ஸ்பிரிண்ட் மந்தமாகப் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஏழு பேருமே முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஆரம்பிப்பதில்தான் அந்த வேகம், முடிப்பதில் இல்லை. நேர்காணலில் இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதைக் கவனித்துக் கேட்பார்கள்.

சரி, அந்த ஆறாம் நாள் காலையில் வரிசையாக என்னதான் செய்வது?

முதலில் அன்றைய டெய்லி ஸ்க்ரமில் பேச்சின் போக்கை மாற்ற வேண்டும். "நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், தடை என்ன" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு போனால் ஏழு பேரும் தாங்கள் பிஸி என்று நிரூபித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்த மூன்று கேள்விகள் 2020 ஸ்க்ரம் கைடிலேயே இல்லை, எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் போர்டை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்கச் சொல்லுங்கள். முடிவுக்கு மிக அருகில் இருக்கும் டிக்கெட் முதலில். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: "இது இன்று அடுத்த கட்டத்துக்குப் போக என்ன வேண்டும்?"

இரண்டாவது, கோலுக்கு வேண்டியதைத் தனியாகப் பிரிப்பது. நம் உதாரணத்தில் ஒன்பதில் நான்கு மட்டுமே கோலைச் சேர்ந்தவை. கோரிக்கைத் திரை ரிவ்யூவுக்காக நிற்கிறது. வாடிக்கையாளருக்குப் போகும் மெயில் டெஸ்டிங்கில் இருக்கிறது. பேமென்ட் கேட்வே வழியாகப் பணத்தைத் திருப்பி அனுப்பும் வேலை டெவலப்மென்டிலேயே சிக்கிக் கிடக்கிறது. பகுதித் தொகையை மட்டும் திருப்பும் வேலையை யாரும் ஆரம்பிக்கவில்லை. மற்ற ஐந்தும் நல்ல வேலைகள்தான், ஆனால் இவை நடக்காவிட்டாலும் கோல் நிறைவேறும்.

பிரித்ததும் முடிவுகள் தானாக வந்துவிடும். தொடாத இரண்டையும் இன்று யாரும் தொட வேண்டாம். கோலில் சேராத ஒரு டிக்கெட்டை எழுதிக்கொண்டிருக்கும் டெவலப்பர் அதை அப்படியே நிறுத்திவிட்டுக் கோரிக்கைத் திரையை ரிவ்யூ செய்ய உட்காரட்டும். எழுதியவரும் பார்ப்பவரும் ஒன்றாக உட்கார்ந்தால், கமென்ட் போட்டுப் பதிலுக்குக் காத்திருந்து இரண்டு நாள் இழுக்கும் ரிவ்யூ அன்றே முடியலாம். டெஸ்டர்கள் மெயில் டிக்கெட்டை முதலில் எடுக்கட்டும். இதை ஸ்க்ரம் மாஸ்டர் உத்தரவாகப் போடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலையை எப்படிச் செய்வது என்று முடிவு செய்வது டெவலப்பர்கள். நீங்கள் போர்டைக் காட்டி, "கோலுக்கு இந்த நான்கு, இதில் எதற்கு ஆள் போதவில்லை?" என்று கேட்கிறீர்கள். பத்து நிமிடத்தில் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, நிஜமான அடைப்பு. கேட்வே டிக்கெட் முதல் நாளிலிருந்து திறந்திருக்கிறது. "டெஸ்ட் அக்கவுன்டில் ரீஃபண்ட் அனுமதி இல்லை, வேறொரு டீமிடம் கேட்டிருக்கிறோம்" என்று அதில் ஒரு குறிப்பு. இந்த "கேட்டிருக்கிறோம்" என்ற சொல்லை நம்பிவிடக் கூடாது. யாரிடம் கேட்டது? எப்போது? கடைசியாக என்ன பதில் வந்தது? பெரும்பாலும் இரண்டாம் நாள் ஒரு மெயில் போயிருக்கும், அதோடு சரி. அந்த அனுமதியைக் கொடுக்கக்கூடிய ஆள் யார் என்று கண்டுபிடித்து, அன்றே நேரில் அல்லது போனில் பேசுவது உங்கள் வேலை. அதற்குள் டெவலப்பர், கேட்வே தருவது போன்ற ஒரு போலிப் பதிலை வைத்து மீதிக் கோடை எழுதிக்கொண்டிருக்கலாம். ஆனால் உங்கள் டெஃபினிஷன் ஆஃப் டன் நிஜ டெஸ்ட் அக்கவுன்டில் சோதிக்க வேண்டும் என்று சொன்னால், போலிப் பதிலை வைத்து ஓடியதை முடிந்தது என்று கணக்கில் வைக்க முடியாது. இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். கடைசி நாளில் "கிட்டத்தட்ட டன்" என்று நகர்த்திவிடுவார்கள், அடுத்த ஸ்பிரிண்டில் அது பிழையாகத் திரும்பி வரும்.

ஸ்பிரிண்ட் நடுவில் வேலையைக் குறைக்கலாமா? அது ஸ்க்ரம் விதிக்கு மாறானது என்கிறார்களே?

குறைக்கலாம். ஸ்பிரிண்ட் கோலுக்கு ஆபத்து வரும் மாற்றம் கூடாது, தரத்தைக் குறைக்கக் கூடாது என்பவைதான் விதிகள். வேலை செய்யச் செய்யப் புதிதாகத் தெரிய வருவதை வைத்து, எவ்வளவு செய்வது என்பதைப் புராடக்ட் ஓனரோடு மறுபடியும் பேசித் தீர்மானிக்கலாம் என்று கைடே சொல்கிறது. 2011-லேயே ஸ்பிரிண்டில் எடுத்த வேலைகளுக்கு "கமிட்மென்ட்" என்றிருந்த சொல்லை "ஃபோர்காஸ்ட்" என்று மாற்றிவிட்டார்கள். இப்போது கமிட்மென்ட் என்பது கோலுக்குத்தான். டிக்கெட் பட்டியல் வெறும் கணிப்பு.

எப்போது பேசுவது என்பது முக்கியம். ஆறாம் நாளில் பேசினால் புராடக்ட் ஓனருக்குத் தேர்வு இருக்கிறது. ஒன்பதாம் நாளில் பேசினால் அவருக்குச் செய்தி மட்டுமே கிடைக்கிறது. பேசும்போது "லேட்டாகும்" என்று சொல்லி நிறுத்தாமல் தேர்வுகளை முன்வையுங்கள். நம் உதாரணத்தில் இப்படி: "முழுத் தொகையைத் திருப்புவது இந்த ஸ்பிரிண்டில் முடியும், கேட்வே அனுமதி நாளைக்குள் வந்தால். பகுதித் தொகை முடியாது. ரத்தான ஆர்டர்களில் பகுதித் தொகை கேட்பவர்கள் எவ்வளவு பேர்? கொஞ்சம் என்றால், அவர்களை இப்போதைக்கு சப்போர்ட் டீமே கவனிக்கட்டுமா?" அவர் சரி என்றால் கோல் அப்படியே இருக்கும், உருவம் மட்டும் சிறிதாகிறது.

ஸ்பிரிண்டையே ரத்து செய்துவிட்டால்?

ஸ்பிரிண்ட் கோல் அர்த்தமற்றுப் போனால் மட்டும்தான் ரத்து, அதையும் புராடக்ட் ஓனர் மட்டுமே செய்ய முடியும். வேலை முடியாது என்பது ரத்துக்குக் காரணம் ஆகாது. கம்பெனி அந்தப் பேமென்ட் முறையையே கைவிட முடிவு செய்தது என்றால் ஆகும்.

கூடுதல் ஆட்களைப் போட்டு, சனி ஞாயிறும் வேலை செய்து முடித்துவிடலாமே?

ஆறாம் நாளில் வருகிற புதியவருக்கு விஷயத்தை விளக்கவே பழைய ஆள் ஒருவர் எழுந்து போக வேண்டும். கூடுதல் நேரத்துக்கும் அதே கதை: அடைப்பு ரிவ்யூவில் இருக்கும்போது டெவலப்பர்கள் இன்னும் இரண்டு மணி நேரம் கோட் எழுதினால், ரிவ்யூ வரிசைதான் நீளும். நேர்காணலில் "ஓவர்டைம் கூடவே கூடாது" என்று கொள்கை பேச வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் அடைப்போ அந்தக் கட்டத்துக்கு நேரம் போகிறதா என்று கேட்டால் போதும்.

டெவலப்பருக்கும் டெஸ்டருக்கும் சண்டை. எப்படித் தீர்ப்பீர்கள் என்று கேட்டால்?

இந்தக் கேள்விக்கு வரும் வழக்கமான பதில், "இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன், பிறகு ஒன்றாக உட்காரவைத்தேன், சமாதானம் ஆகிவிட்டார்கள்." கேட்பவர் தலையாட்டுவார், மனதில் மதிப்பெண் போடமாட்டார். எதைப் பற்றிச் சண்டை, எது மாறியதால் தீர்ந்தது என்ற இரண்டும் இந்தக் கதையில் இல்லை.

அதே உதாரணத்துக்கு வருவோம். டெஸ்டர் சொல்கிறார்: "கடைசி இரண்டு நாளில் எல்லாவற்றையும் என் தலையில் கொட்டுகிறார்கள். பிறகு டெஸ்டிங்கால் தாமதம் என்று பெயர் எனக்கு." டெவலப்பர் சொல்கிறார்: "ஒரு பட்டன் நிறத்துக்கெல்லாம் டிக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார். கேட்டால், எழுதியிருப்பதைப் படி என்கிறார்." இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். போர்டைப் பார்த்தால் தெரியும்: ஏழு வேலைகளை ஒரே நேரத்தில் திறந்த குழுவில் எல்லாம் ஒரே நேரத்தில்தான் டெஸ்டிங்குக்கு வந்து சேரும். சுபாவம் எவ்வளவு தங்கமானதாக இருந்தாலும் அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

தனித்தனியாகக் கேட்பது தேவைதான். ஆனால் யாருடைய குணம் எப்படி என்று கேட்காதீர்கள். "கடைசியாக நடந்தது எந்த டிக்கெட்டில்? அப்போது என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். "எப்போதும் இப்படித்தான்" என்று ஆரம்பிக்கிறவரும் ஒரு டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டதும் நிதானமாகிவிடுவார்.

அப்புறம் தகவல். கடந்த இரண்டு ஸ்பிரிண்டில் டெஸ்டிங்கிலிருந்து டெவலப்மென்டுக்குத் திரும்பிய டிக்கெட்களை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் திரும்பியது என்று பார்க்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. உதாரணத்துக்கு 11 முறை திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிஜமான பிழை. இரண்டு, டெஸ்ட் சர்வர் பழைய வெர்ஷனில் இருந்ததால். மீதி ஆறும், டிக்கெட்டில் எங்கேயும் எழுதாத ஒன்றை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் புரிந்துகொண்டதால். இப்போது இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து இந்தப் பட்டியலை மேசையில் வையுங்கள். "நீ ஏன் திருப்பி அனுப்பினாய்" என்ற பேச்சு, "இந்த ஆறையும் முதல் நாளிலேயே எப்படிப் பிடித்திருக்கலாம்" என்று திரும்பும்.

அதிலிருந்து வரும் ஏற்பாடு சின்னதாகவே இருக்கும். கோட் எழுதத் தொடங்கும் முன் டெவலப்பரும் டெஸ்டரும் பத்து நிமிடம் பேசி, "இப்படிச் செய்தால் இது நடக்க வேண்டும்" என்று மூன்று நான்கு உதாரணங்களை டிக்கெட்டில் எழுதுவது. ரிவ்யூ கேட்டால் அன்றே பார்ப்பது. டெஸ்டிங்கில் இரண்டு டிக்கெட்டுக்கு மேல் நின்றால் டெவலப்பரும் சோதிக்க வருவது. இவற்றைக் குழு முழுக்க ரெட்ரோவில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மற்றவர்களையும் கட்டுப்படுத்தும் விஷயம். சண்டை தீர்ந்ததா என்பதை அடுத்த இரண்டு ஸ்பிரிண்டில் எழுதாத விஷயத்துக்காகத் திரும்பும் டிக்கெட்கள் குறைந்தனவா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். குறையவில்லை என்றால் காரணத்தைத் தப்பாகப் பிடித்திருக்கிறோம். இதை நேர்காணலில் சொல்லுங்கள், இப்படிச் சொல்கிறவர்கள் அபூர்வம்.

எல்லாச் சண்டையும் வேலை ஏற்பாட்டால் வருவதில்லையே. ஒருவர் உண்மையாகவே மரியாதை இல்லாமல் பேசினால்?

அது வேறு வகை, அதைத் தகவல் பட்டியலை வைத்துத் தீர்க்கப் பார்க்கக் கூடாது. "இந்த டிசைன் தப்பு" என்பது வேலை பற்றிய கருத்து வேறுபாடு. குழுவுக்கு அது தேவை, அதை அடக்கினால் நஷ்டம். "உனக்கு டிசைனே தெரியாது" என்பது ஆளைப் பற்றியது. முதல் வகை இரண்டாம் வகையாக மாறும் நொடியில் ஸ்க்ரம் மாஸ்டர் குறுக்கிட வேண்டும். கூட்டத்தில் ஒரு வரி போதும்: "டிசைனைப் பற்றிப் பேசுவோம், ஆளை விட்டுவிடுவோம்." பிறகு தனியே அவரிடம், என்ன சொன்னார், அதன் பிறகு அந்த அறையில் யார் யார் வாய் திறக்கவில்லை என்பதை நடந்தபடியே சொல்லுங்கள். கேட்டுக்கொண்டு திருத்திக்கொள்பவர்கள் நிறைய பேர்.

மறுபடி மறுபடி நடந்தால், அல்லது முதல் முறையே மிரட்டல், பாலினம், பிறப்பு போன்றவற்றைத் தொட்டுப் பேசியிருந்தால், அது உங்கள் மத்தியஸ்தத்துக்கு உரிய விஷயமே இல்லை. மேலாளருக்கும் மனிதவளத் துறைக்கும் போக வேண்டும், அன்றே. பாதிக்கப்பட்டவரையும் பேசியவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் செய்யப் பார்ப்பது பெரிய தவறு. நேர்காணல் நடத்துபவர் சிலர் இந்தக் கோட்டை நீங்கள் எங்கே போடுகிறீர்கள் என்று பார்ப்பதற்காகவே இதைக் கேட்பார்கள்.

"போன ஸ்பிரிண்டில் வெலாசிட்டி 30-லிருந்து 18-க்கு விழுந்துவிட்டதே" என்று மேனேஜர் கேட்டால் என்ன பதில்?

நம் குழுவின் பத்தாம் நாளைப் பார்த்தால் பதில் கிடைக்கும். கேட்வே அனுமதி ஏழாம் நாள் வந்தது. கோலுக்கான மூன்று டிக்கெட்கள் முடிந்தன, பகுதித் தொகை அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போனது. கோலில் சேராதவற்றில் ஏற்கெனவே டெஸ்டிங்கில் இருந்த ஒன்றும், ரிவ்யூவில் இருந்த ஒன்றும் முடிந்தன. ஆக, ஒன்பதில் ஐந்து. 34 பாயிண்டில் 18. வாடிக்கையாளர் முழுத் தொகையைத் தானே திரும்பக் கேட்க முடிகிறது.

மேனேஜரிடம் வெலாசிட்டி என்பதே தவறான அளவு என்று வாதிட ஆரம்பிக்க வேண்டாம். அவர் கேட்பதன் பின்னால் ஒரு நியாயமான கவலை இருக்கிறது: குழு தடுமாறுகிறதா, தேதி தள்ளிப் போகுமா? அதற்குப் பதில் சொல்லுங்கள். "கோல் முடிந்தது. நான்கு டிக்கெட்கள் மீந்தன, அவற்றில் இரண்டு பாதி வேலை ஆனவை. அடுத்த ஸ்பிரிண்டில் அவை முடியும்போது பாயிண்ட் திடீரென்று ஏறும், அப்போதும் குழு வேகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்." இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். பாதி முடிந்த வேலை ஒரு ஸ்பிரிண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது வெலாசிட்டி ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் வேலை எந்த நாளில் முடிந்தது என்பதைக் காட்டுகிறதே தவிர எவ்வளவு நடந்தது என்பதை இல்லை.

பாதி வேலைக்குப் பாதி பாயிண்ட் போட்டுக்கொண்டு வெலாசிட்டிக் கோட்டைச் சமமாக்கலாமா என்று குழுவிலேயே யாராவது கேட்பார்கள். வேண்டாம். அப்படிச் செய்தால் முடிக்காமல் விடுவதற்கும் மதிப்பெண் கிடைக்கிறது. இன்னொன்று, வெலாசிட்டியைக் குறிக்கோளாக வைத்தால் மூன்று பாயிண்ட் வேலை மெல்ல ஐந்து பாயிண்ட் ஆகிவிடும். யாரும் ஏமாற்ற நினைத்து இதைச் செய்வதில்லை, மதிப்பிடும்போது கை தானாகவே மேலே போகும். ஸ்க்ரம் கைடில் வெலாசிட்டியோ ஸ்டோரி பாயிண்டோ கிடையாது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். அடுத்த ஸ்பிரிண்டில் எவ்வளவு எடுக்கலாம் என்று குழு தனக்குள் பார்த்துக்கொள்ள அது பயன்படும், அதற்கு மேல் அதைச் சுமக்கவைக்க முடியாது.

அப்படியானால் எதை அளப்பீர்கள்?

அன்றாடத்துக்கு ஒரே ஒரு அளவைத் தேர்ந்தெடு என்றால், திறந்திருக்கும் ஒவ்வொரு டிக்கெட்டின் வயதைச் சொல்வேன். வேலை தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் வயது. வெலாசிட்டி ஸ்பிரிண்ட் முடிந்த பிறகே பேசும். டிக்கெட்டின் வயது மூன்றாம் நாளே பேசும்.

அதைத் தனியாகப் பார்த்தால் பெரிதா சிறிதா என்று தெரியாது, ஒப்பிட ஒரு கோடு வேண்டும். முடிந்த டிக்கெட்கள் ஒவ்வொன்றும் தொடங்கி முடிய எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள், அதற்குச் சைக்கிள் டைம் என்று பெயர். நம் குழுவில் நூற்றுக்கு 85 டிக்கெட்கள் 6 நாளுக்குள் முடிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 6 என்பது கோடு. மூன்றாம் நாளிலிருந்து அசையாமல் நிற்கும் டிக்கெட்டைப் பற்றி நான்காம் நாளே பேசலாம், கோட்டைத் தொடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சராசரியை எடுக்காதீர்கள். ஒரு டிக்கெட் 20 நாள் இழுத்திருந்தால் சராசரி கெட்டுவிடும்.

ஜிராவில் மூன்று நாளாக நிலை மாறாத டிக்கெட்களைப் பார்க்க:

```
sprint in openSprints()
AND statusCategory = "In Progress"
AND NOT status CHANGED AFTER -3d
```

இது நாள்காட்டி நாட்களை எண்ணும், விடுமுறை நாட்களைக் கழிக்காது. அதனால் திங்கள் காலையில் பட்டியல் நீளமாக வந்தால் பதற வேண்டாம். ரிவ்யூவுக்கும் டெஸ்டிங்குக்கும் தனித் தனி நிலை இருந்தால்தான் இது உதவும் என்பதையும் கவனியுங்கள். எல்லாமே "In Progress" என்ற ஒரே நிலையில் கிடந்தால் எங்கே அடைப்பு என்று எந்தத் தேடலும் சொல்லாது.

ஏழு வேலைகளைத் திறந்து வைப்பதில் அப்படி என்ன நஷ்டம்? ஆட்கள் ஏழு பேர் இருக்கிறார்களே?

ஒரு சின்னக் கணக்கு. லிட்டில் விதி என்பார்கள்: ஒரு வேலை முடிய ஆகும் சராசரி நாட்கள் = திறந்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை ÷ ஒரு நாளைக்கு முடியும் வேலைகள்.

நம் குழு பத்து நாளில் ஏழு டிக்கெட் முடிக்கும் குழு என்றால் நாளைக்கு 0.7. மூன்றை மட்டும் திறந்துவைத்தால் 3 ÷ 0.7, அதாவது சுமார் 4 நாள். ஏழைத் திறந்துவைத்தால் 7 ÷ 0.7, சரியாக 10 நாள். ஸ்பிரிண்டின் முழு நீளம்! முதல் நாளில் ஆரம்பித்தது கடைசி நாளில் முடியும், ஆறாம் நாளில் பூஜ்யம் என்பதில் ஆச்சரியமே இல்லை.

இதை நேர்காணலில் காகிதத்தில் போட்டுக் காட்டலாம், ஆனால் எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இது நீண்ட கால சராசரிகளுக்கான விதி. ஆரம்பித்த வேலைகள் எல்லாம் ஒருநாள் முடிந்துவிடுகின்றன, உள்ளே வருவதும் வெளியே போவதும் ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொண்ட கணக்கு. ஒரே ஸ்பிரிண்டில் ஒரு குறிப்பிட்ட டிக்கெட் எப்போது முடியும் என்று இதைக்கொண்டு ஜோசியம் சொல்ல முடியாது. மூன்று என்ற எண்ணும் வேதவாக்கு இல்லை. அளவுக்கு மீறிக் குறைத்தால் சிலர் சும்மா உட்கார நேரிடும், அப்போது குழுவின் வேகமே குறையும்.

டெவலப்பர்கள் "80 சதவீதம் முடிந்தது" என்று சொல்கிறார்கள். நம்பலாமா?

அவர்கள் பொய் சொல்வதில்லை, எழுத வேண்டிய கோடில் 80 சதவீதம் எழுதியிருப்பார்கள். ரிவ்யூ, டெஸ்டிங், திருத்தம் எல்லாம் அதில் சேரவில்லை. சதவீதத்தை விட்டுவிட்டு, "டெஃபினிஷன் ஆஃப் டன்னில் இன்னும் எவையெவை பாக்கி?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் எண்ணக்கூடிய பொருள் வரும்.

வேலை முடிந்தது, ஆனால் யாருக்காவது பயன்பட்டதா என்பதை எப்படிக் காட்டுவது?

ரீஃபண்ட் உதாரணத்தில் இது சுலபம். வசதி வெளியாவதற்கு முன் வாரத்துக்கு எத்தனை ரீஃபண்ட் கோரிக்கைகள் சப்போர்ட் டீமுக்கு வந்தன என்று முன்பே குறித்துவைக்க வேண்டும். வெளியான பிறகு எத்தனை பேர் தாங்களே திரை வழியாகக் கேட்டார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டுவிட்டு மறுபடி சப்போர்ட்டையே அழைத்தார்கள்? சப்போர்ட் அழைப்பு குறையவில்லை என்றால் 18 பாயிண்டானாலும் 34 பாயிண்டானாலும் முன்னேற்றம் அதே பூஜ்யம்தான்.

வழக்கமான சிக்கல், முன் நிலவரத்தை யாரும் குறித்திருக்கமாட்டார்கள். வெளியிட்ட பிறகு தேடினால் கிடைக்காது. அதனால் ஸ்பிரிண்ட் பிளானிங்கில் கோல் எழுதும்போதே "இது பலித்தது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்?" என்று புராடக்ட் ஓனரிடம் கேட்டுவிடுங்கள். அந்த எண்ணைச் சொந்தம் கொண்டாட வேண்டியவர் அவர். ஸ்பிரிண்ட் ரிவ்யூவில் டெமோவுக்கு முன் அதைக் காட்டச் சொல்வது நீங்கள்.

நான் இன்னும் ஸ்க்ரம் மாஸ்டராக வேலை பார்த்ததில்லை. "உங்கள் அனுபவத்தில் ஒரு உதாரணம்" என்றால்?

டெவலப்பராகவோ டெஸ்டராகவோ நீங்கள் உள்ளேயிருந்து பார்த்த ஒரு நின்றுபோன ஸ்பிரிண்டைச் சொல்லுங்கள். அப்போது உங்கள் பொறுப்பு என்ன என்பதை மறைக்க வேண்டாம். எத்தனை டிக்கெட் திறந்திருந்தது, எங்கே நின்றது, எப்போது தெரிய வந்தது என்ற விவரங்கள் இருந்தால் போதும். வேறொருவர் கதையைத் தன் கதையாகச் சொல்பவர்கள் "அந்த ஸ்பிரிண்டின் கோல் என்ன?" என்ற முதல் துணைக் கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். என்ன கேட்கலாம்?

"உங்கள் போர்டில் இப்போது மிகப் பழைய டிக்கெட் எது, அது ஏன் நிற்கிறது?" என்று கேளுங்கள். டக்கென்று பதில் வந்தால் அந்தக் குழு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "அதெல்லாம் வெலாசிட்டி ரிப்போர்ட்டில் இருக்கும்" என்று வந்தால், சேர்ந்த பிறகு முதல் மாதத்தில் உங்களுக்கு என்ன வேலை இருக்கும் என்று தெரிந்துவிடும். அடுத்ததாக, வெலாசிட்டி எண் யார் யாருக்குப் போகிறது, ஆண்டு மதிப்பீட்டில் அது வருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.